கோழி எலும்பை வெட்டும் கத்தரி முடியை ஏன் ஒழுங்காக வெட்டுவதில்லை?

கேள்வி: பத்து வயதுப் பெண்ணுக்கு வீட்டிலேயே முடி வெட்டிவிட்டேன். மட்டமாகத்தான் வெட்டினேன், ஆனால் வலது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்கிவிட்டது. சரி செய்யப் போய் இன்னும் இரண்டு அங்குலம் போனதுதான் மிச்சம். நுனியெல்லாம் துடைப்பம் மாதிரி இருக்கிறது. வெட்டும்போது அவள் வலிக்கிறது என்று அழுதாள். சமையலறைக் கத்தரிதான், ஆனால் புதுசு, கோழி எலும்பையே வெட்டுகிறது. சலூன் கத்தரியில் அப்படி என்ன இருக்கிறது? (சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்:

எலும்பை வெட்டுகிறதே என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சிக்கலே. எலும்பை வெட்டுவதற்காக அந்தக் கத்தரியில் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்களோ, அத்தனையும் முடிக்கு ஆகாது. நான் குடியாத்தத்தில் நைனாவிடம் தொழில் கற்று, இருபது வருடத்துக்கு மேல் சலூன் நடத்துகிறவன். மே மாதம் பள்ளி லீவு விட்டு நம்மூர் வெயில் ஏறியதும், வீட்டில் வெட்டிக் கெட்டுப்போன தலையோடு வாரத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வருவார்கள். எல்லாத் தலையிலும் ஏறக்குறைய ஒரே கோளாறுதான் இருக்கும். உங்கள் கை மேல் தப்பு இல்லை அம்மா, பெரும்பாலும் கத்தரி செய்த வேலை அது.

முதலில் உங்கள் கத்தரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு அலகில் ஒன்றில் சின்னச் சின்னப் பல் வெட்டியிருக்கும். கோழித் தோலும் மீனும் வழுக்கும், அதைப் பிடித்து நிறுத்த அந்தப் பல். ஆணிக்குப் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருந்தால் அது எலும்பை வைக்கிற இடம். அலகு தடிமனாக இருக்கும், கூரும் மழுங்கலான கோணத்தில் தீட்டியிருக்கும், ஏனென்றால் மெல்லிய கூராக இருந்தால் எலும்பில் பட்டதும் பொடிந்துவிடும். இப்போது வருகிற பல சமையலறைக் கத்தரிகளில் கழுவ வசதியாக இரண்டு அலகையும் தனித்தனியாகக் கழற்றலாம். உங்களுடையதும் அப்படி இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது, கழற்ற வருகிற மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இல்லாமல் இருக்காது.

ஒரு முடியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண நோட்டுத் தாளை விடக் கொஞ்சம் மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவில் அந்த அளவு இடைவெளி இருந்தாலே போதும், முடி வெட்டுப்படாமல் மடங்கி இரண்டுக்கும் நடுவே படுத்துக்கொள்ளும். எலும்புக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, கனமான பொருள் எங்கே போய் மடங்கும்? அதனால்தான் எலும்பை நறுக்கென்று வெட்டுகிற கத்தரி நாலு முடியை வெட்டத் திணறுகிறது. மடங்கிய முடியை அலகு நசுக்கிப் பிடிக்கும், நீங்கள் கத்தரியை அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போது அதுவும் கூடவே இழுபடும். பிள்ளை அழுதது அதனால்தான், முடி வேரிலிருந்து இழுபட்டிருக்கிறது. ஒழுங்கான கத்தரியில் முடி வெட்டினால் வலி என்கிற பேச்சே கிடையாது.

சரி, வலது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்கிய கதைக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எந்தக் கத்தரியும் மூடும்போது இரண்டு அலகும் சேர்ந்து நடுவில் இருப்பதை நுனிப் பக்கமாகத் தள்ளப் பார்க்கும். கத்தரியை அகலமாகத் திறந்து ஒரு பென்சிலை நடுவில் வைத்து மூடிப் பாருங்கள், பென்சில் முன்னால் ஓடும். அலகு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறதோ அவ்வளவு தள்ளும். கூர் நன்றாக இருந்தால் ஓடுவதற்குள் கடித்துவிடும், மழுங்கலாக இருந்தால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில்தான் கடிக்கும். வழுக்கினால் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெய் தடவிய தலை என்றால் முடி அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். பல வீட்டில் எண்ணெய் வைத்துச் சீவி, அதன்மேலேயே வெட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததை இப்படி வைத்துப் பார்ப்போம். நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறீர்கள், கத்தரி வலது கையில், அதன் நுனி இடப் பக்கம் பார்க்கிறது. இடது கை விரலால் ஒரு கொத்து முடியைப் பிடித்து, விரலுக்கு 3 செ.மீ. கீழே வெட்டுகிறீர்கள். கத்தரி மூடும்போது கொஞ்சம் முடி 2 செ.மீ. இடது பக்கமாகத் தள்ளப்பட்டு, அங்கே போய் வெட்டுப்படுகிறது. அந்த முடி இப்போது விரலிலிருந்து நேராகத் தொங்கவில்லை, சாய்வாக இழுபட்டு நிற்கிறது. சாய்வின் நீளம் எப்போதும் நேர் நீளத்தை விட அதிகம். 3 செ.மீ. இறக்கத்துக்கு 2 செ.மீ. விலகல் என்றால் சாய்வு 3.6 செ.மீ. வரும், பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குத்தான். அதாவது அந்த முடி திரும்பி நேராகத் தொங்கும்போது பக்கத்து முடியை விட 6 மி.மீ. நீளமாக இருக்கும். அதற்கும் மேலே, கத்தரியின் நுனியைத் தாண்டி நழுவிப்போன முடி வெட்டுப்படாமலே நிற்கும்.

இப்போது அடுத்த கொத்துக்குப் போகிறீர்கள். எங்கே வெட்டுவது என்பதற்கு எதைப் பார்க்கிறீர்கள்? சற்று முன் வெட்டி முடித்த இடத்தின் இடது ஓரத்தை. அங்கேதான் தள்ளப்பட்டதும் நழுவியதும் சேர்ந்து கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. அதையே மட்டமாக எடுத்துக்கொண்டு இரண்டாவது வெட்டு, அதன் ஓரத்திலிருந்து மூன்றாவது. ஒவ்வொன்றிலும் அரை செ.மீ. இறங்கினால் நாலு வெட்டில் 2 செ.மீ. இறக்கம் வந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் வலது பக்கம் ஏறி நிற்கும், இடது பக்கம் இறங்கி நிற்கும். சரி செய்கிறேன் என்று அதே கத்தரியால் மறுபடி ஆரம்பித்தால் மறுபடி அதே சரிவுதான் வரும், நீளம் மட்டும் குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு இரண்டு அங்குலம் போனது இப்படித்தான்.

துடைப்பம் மாதிரி நுனிக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். முடியின் மேல் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய தோல் அடுக்கியிருக்கும், அதற்குள்தான் நார் நாராக உட்பகுதி. கூரான அலகு குறுக்கே ஒரே சீராக வெட்டிவிட்டால் செதில் பெரிதாக அசையாது. மழுங்கலான அலகு முதலில் நசுக்கும், அப்புறம் பிய்க்கும். செதில் தூக்கிக்கொள்ளும், நார் பிரிந்து நிற்கும். அதன் மேல் தினமும் சீப்பு ஓடும்போது அந்த இடம்தான் முதலில் கிழிந்து இரண்டாகப் பிளக்க ஆரம்பிக்கும். வெட்டி விழுந்த முடியை ஒரு வெள்ளைத் தாளில் போட்டு ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல வெட்டு என்றால் நுனி மொட்டையாக, நேராக இருக்கும். கெட்ட வெட்டு என்றால் சிலது தூண்டில் மாதிரி வளைந்திருக்கும், சிலது நுனியில் தட்டையாக நசுங்கி வெளுத்துத் தெரியும். தலையில் இருக்கிற பாதியும் அதே லட்சணத்தில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். வேருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். முடி வளர்வதிலும் குறை வராது.

இனி சலூன் கத்தரி. இதைத் தட்டையான இரண்டு தகடு என்று நினைத்தால் தப்பு. மூடிய கத்தரியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இரண்டு அலகும் முழுக்க ஒட்டியிருக்காது. ஆணியிலிருந்து நுனி வரை லேசாக வில் மாதிரி வளைத்திருப்பார்கள், நுனியில் மட்டும் தொடும், நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரியும். திறந்து மூடும்போது எந்த இடத்தில் இரண்டு கூரும் குறுக்கிடுகிறதோ அந்த ஒரு புள்ளியில்தான் உரசும், அந்தப் புள்ளி ஆணிப் பக்கமிருந்து நுனிக்கு நகர்ந்துகொண்டே போகும். வளைவு இருப்பதால் அந்தப் புள்ளியில் ஒன்றை ஒன்று எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், இடைவெளிக்கு வழியே இல்லை. எல்லாக் கத்தரியிலும் இந்த வளைவு கொஞ்சம் உண்டுதான், தையல்காரர் கத்தரியிலும் உண்டு. சலூன் கத்தரியில் அதை ஒரு முடியின் கனத்துக்கு ஏற்ற நுணுக்கத்தோடு செய்திருப்பார்கள்.

அலகின் உள்பக்கத்தை விரலால் தடவினால் லேசான குழிவு தெரியும். குழிவாகக் கடைந்திருப்பதால் கூரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் மறு அலகோடு உரசும். அந்தக் கோடு கண்ணாடி மாதிரி பளபளப்பாக, ஆணி முதல் நுனி வரை ஒரே அகலத்தில் ஓட வேண்டும். நான் கத்தரி வாங்கப் போனால் பெயரையோ பெட்டியையோ பார்க்க மாட்டேன், முதலில் இந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். நடுவில் அகன்று குறுகி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இரும்பும் வேறு. நல்ல கத்தரிகள் 440சி மாதிரியான கடினமான எஃகில் வரும். கடினமான எஃகில் மெல்லிய கோணத்தில் கூர் வைக்கலாம், வைத்தது நாள்பட நிற்கும். அதே கூரை எலும்பின் மேல் போட்டால் பொடிந்துபோகும், ஆகவே இது அதற்கு ஆகாது, அது இதற்கு ஆகாது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நூல் நறுக்கும் கத்தரியால் தோலை வெட்டினால் அங்கே யாரும் சும்மா விடமாட்டார்கள்.

அப்புறம் ஆணி. நம் கத்தரியில் அது திருகாணி, இறுக்கலாம் தளர்த்தலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நுனி மேலே பார்க்க, ஒரு வளையத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற வளையத்தைத் தூக்கி அலகு இரண்டும் கூட்டல் குறி மாதிரி நிற்கும்படி வைத்து விட்டுவிடுங்கள். தானாக இறங்கி முக்கால்வாசி மூடிய நிலையில் நிற்க வேண்டும். டக்கென்று முழுக்க மூடினால் தளர்ச்சி, முடி மடங்கும். அசையாமல் அப்படியே நின்றால் இறுக்கம், கூர் சீக்கிரம் தேயும், உங்கள் கட்டைவிரலும் வலிக்கும்.

பிடிப்பதிலும் வித்தியாசம் உண்டு. சமையலறைக் கத்தரியில் நாலு விரலையும் உள்ளே விட்டுக் கை முழுவதையும் மூடுகிறோம், இரண்டு அலகும் சேர்ந்து அசையும், வெட்டும் கோடும் அசையும். சலூன் கத்தரியில் மோதிரவிரல் ஒரு வளையத்தில், சுண்டுவிரல் வெளியே நீட்டியிருக்கும் வால் மேல், கட்டைவிரல் நுனி மட்டும் மறு வளையத்தில். மோதிரவிரல் அலகு சிலை மாதிரி நிற்கும், கட்டைவிரல் அலகு மட்டும் போய் வரும். நிற்கிற அலகுதான் உங்கள் அடிக்கோடு. நைனா எனக்கு முதல் ஒரு மாதம் தலையைத் தொடவே விடவில்லை, சும்மா காற்றில் கட்டைவிரலை மட்டும் ஆட்டச் சொன்னார். நீங்கள் இரண்டு மூன்று நாள், டிவி பார்க்கும்போது பழகினால் போதும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இடதுகைக் கத்தரியே வாங்க வேண்டும். வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் கட்டைவிரலின் தள்ளல் அலகுகளைப் பிரிக்கும், எவ்வளவு நல்ல கத்தரியானாலும் முடி மடங்கும்.

வாங்கப் போனால் ஒரு விஷயம் கவனியுங்கள். சலூன் கத்தரியிலேயே இரண்டு வகைக் கூர் உண்டு. ஒன்று சவரக்கத்தி மாதிரி வழவழப்பானது. வெட்டிக்கொண்டே முடியின் மேல் சறுக்கி இறக்கும் வேலைக்கு அது வேண்டும், ஆனால் பழகாத கையில் அதிலும் முடி முன்னால் ஓடும். மற்றது ஒரு அலகில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான பல் போட்டது, நகத்தை மெதுவாகக் குறுக்கே வைத்தால் சொரசொரப்பு தெரியும். அந்தப் பல் முடியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பிள்ளைக்கு நேராக ஒரு கோடு வெட்டுவதற்கு இந்த இரண்டாவது வகைதான் என் தேர்வு, விலையும் குறைவு. உங்கள் சமையலறைக் கத்தரியிலும் பல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கோழித் தோலைப் பிடிக்கிற முரட்டுப் பல், ஒரு பல்லுக்குள் பல முடி சேர்ந்து சிக்கிப் பிய்ந்து வரும். நீளம் ஐந்தரை அல்லது ஆறு அங்குலம் போதும். சீப்பு மாதிரி பல் உள்ள கத்தரியும் கூடவே ஜோடியாகக் கொடுப்பார்கள். அது அடர்த்தியைக் குறைக்க, சரிவைச் சரி செய்ய அதை எடுக்காதீர்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு டிஷ்யூ தாளைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, ஆணிப் பக்கமிருந்து நுனி வரை ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள். ஈரத் தாளுக்கு விறைப்பே கிடையாது, முடி மாதிரியே மடங்கப் பார்க்கும். நுனி வரை சுத்தமாக வெட்டினால் எடுத்துக்கொள்ளலாம், எங்கேயாவது தாள் மடங்கி உள்ளே போனால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக் கத்தரியையும் இதே மாதிரி ஒருமுறை வெட்டிப் பாருங்கள், நான் இவ்வளவு நேரம் சொன்னது கண்ணெதிரே தெரியும்.

இப்போது பிள்ளையின் தலை. நல்ல கத்தரி கைக்கு வந்த பிறகு செய்யுங்கள், அதுவரை பின்னலில் மறைத்துவிடலாம். தலைக்குக் குளித்து எண்ணெய் போன பிறகு, துண்டால் துடைத்து, சொட்டாமல் ஈரம் மட்டும் இருக்கும்போது வெட்டுங்கள். ஈர முடி நீளும், இழுத்துப் பிடித்து வெட்டினால் காய்ந்ததும் ஏறிவிடும், ஆகவே சீவிவிட்டு லேசாக மட்டும் பிடிக்க வேண்டும். சுருட்டை முடி என்றால் காயவைத்தே வெட்டுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கட்டும். ஓரத்திலிருந்து ஆரம்பிக்கவே கூடாது. நடு முதுகுக்கு நேரே ஒரு விரல் அகலக் கொத்தை எடுத்து, ஏறிப்போன வலது பக்கத்து உயரத்துக்கு வெட்டுங்கள். அதை அடிக்கோடாக வைத்துக்கொண்டு முதலில் வலது பாதி, பிறகு மறுபடி நடுவுக்கு வந்து இடது பாதி. இப்படிச் செய்தால் சின்னச் சரிவு வந்தாலும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சேர்ந்து பெருகாது.

விரலுக்கும் வெட்டுக்கும் நடுவே 1 செ.மீ. மட்டும் விடுங்கள். பிடி லேசாக இருந்தாலும் விரல் அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் முடி பக்கவாட்டில் ஓட இடமே இருக்காது. கத்தரியை முழுக்கத் திறக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு திறந்து முன்பாதி அலகால் சின்னச் சின்னதாக வெட்டுங்கள். முடித்ததும் இரண்டு காதுக்குப் பின்னாலிருந்தும் ஒரே அளவு கொத்தை எடுத்து முன்னால் கொண்டுவந்து மார்பின் மேல் வைத்துப் பாருங்கள், நீளம் ஒத்துப்போனால் விட்டுவிடலாம். 2, 3 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதைத் துரத்தப் போகாதீர்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், போன இரண்டு அங்குலம் திரும்ப ஐந்து மாதம் போல ஆகும்.

கத்தரியைப் பிள்ளையின் முடிக்கு மட்டும் வைத்திருங்கள். பால் பாக்கெட், செல்லோடேப், பள்ளி சார்ட் தாள் எதற்கும் எடுக்கக் கூடாது, ஒரு சார்ட்டை வெட்டினாலே கூரில் தெரியும். முடித்ததும் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, உறையில் போட்டு வையுங்கள். கீழே விழுந்தால் டிஷ்யூ சோதனையை மறுபடி செய்யுங்கள்.

சாணை பிடிக்கத் தெருவில் வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். அருவாமணைக்கும் கத்திக்கும் அவர்கள் கை அருமையான கை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் தொழில் ஆரம்பித்த புதிதில், காசை மிச்சம் பிடிக்க, என் முதல் நல்ல கத்தரியை அப்படி ஒருவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் வைத்ததும் பொறி பறந்தது, கூர் நீலம் பூத்தது. அந்தச் சூட்டில் எஃகின் கடினம் போய்விடும். உள்பக்கத்தையும் தேய்த்துத் தட்டையாக்கியதில் குழிவு போனது, நான் சொன்ன அந்தப் பளபளப்புக் கோடும் போனது. கையில் வைத்துப் பார்த்தால் கூராகத்தான் இருந்தது, முடியில் வைத்தால் மடக்கியது. சலூன்காரர்கள் கத்தரிக்கு என்று தனியாகக் கூர் வைக்கிறவர்களிடம்தான் கொடுப்போம். உங்கள் தெரு முனை சலூனில் கேட்டால் அவர்கள் கொடுக்கும்போது உங்களுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிற வீட்டுக் கத்தரிக்குச் சில வருடம் வரை அந்தத் தேவையே வராது.